சக்கரம் நிற்பதற்கு முன்பே

லாஸ் வேகாஸ் ஸ்லாட் இயந்திரத்தில் பொத்தானை அழுத்திய கணமே முடிவு தீர்ந்துவிடுகிறது. உள்ளே ஒரு நிரல் ஓயாமல் எண்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் அகப்பட்ட எண்களே உங்களுடையவை. சக்கரம் அதைக் காட்டிவிட்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

சக்கரத்தில் 22 இடங்கள், அதில் பெரும்பரிசுச் சின்னம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று சக்கரங்களுக்கு வாய்ப்பு 10,648-ல் ஒன்று என்றுதான் நம் கண் கணக்குப் போடும். ஆனால் டெல்னேஸ் என்பவர் 1984-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, நிரலுக்குள் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அதில் 64 இடங்கள் இருந்து, பரிசுக்கு ஒன்றே ஒதுக்கப்பட்டால், வாய்ப்பு 2,62,144-ல் ஒன்று. பரிசுக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய எண்களை ஒதுக்கினால், ‘நூலிழையில் தவறிவிட்டது’ என்ற ஏமாற்றம் அடிக்கடி நேரும். எனக்கு இதுதான் கொடுமையாகப் படுகிறது.

சோதனைக்கூடம் இதைத் தடுப்பதில்லை. எண்களில் ஒழுங்குமுறை தென்படுகிறதா, ஒதுக்கீடு அறிவித்த கணக்கின்படி இருக்கிறதா என்று பார்த்து, அந்த மென்பொருளின் ஹாஷ் குறியீட்டைப் பதிகிறது. சான்றிதழ் அந்தப் பதிப்புக்கு மட்டுமே. கூடத்தில் ஓடுவதும் அதேதானா என்பதை, ஹாஷை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.