இரண்டா, ஆறா?

தரமணி மத்திய பாலிடெக்னிக் போன்ற கல்லூரிகளில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிப்பவர்கள் 555 டைமர் ஐசியைச் சந்திக்காமல் வெளியே வருவதில்லை. அதற்கு எட்டுக் கால்கள். படத்தில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே படித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். மறைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இதற்குப் பலர் நாடுவது ஆன்கி என்னும் செயலி. ஐசியின் படத்தைச் சேர்த்து ஒவ்வொரு பெயரின்மேலும் ஒரு கட்டம் வரைந்தால், எட்டுக் கட்டம் எட்டு அட்டையாகிவிடும். முன்பு இதற்குத் தனி இணைப்பு தேவைப்பட்டது, 23.10 பதிப்பிலிருந்து செயலிக்குள்ளேயே Image Occlusion என்று இருக்கிறது.

மறைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. Hide One, Guess One ஒரு பெயரை மட்டும் மூடும், மற்ற ஏழும் கண்ணுக்குத் தெரியும். இங்கேதான் ஏமாறுகிறோம். இரண்டாம் காலை மூடினால், ஆறாம் காலில் ‘த்ரெஷோல்ட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தே ‘அப்படியானால் இது ட்ரிகர்’ என்று சொல்லிவிடலாம். அது கழித்தல் கணக்கு, நினைவு அல்ல. Hide All, Guess One எட்டையும் மூடி, கேட்கும் கட்டத்தை மட்டும் வேறு நிறத்தில் காட்டும். குழப்பும் ஜோடி உள்ள படத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டும் ஆறும் ஏன் குழப்புகின்றன? மின்னழுத்தம் சப்ளையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் இரண்டாம் கால் வெளியீட்டை உயர்த்தும். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் ஆறாம் கால் அதை இறக்கும். எல்.இ.டி. விட்டுவிட்டு எரியும் அஸ்டேபிள் சுற்றில் இரண்டையும் சேர்த்தே இணைப்பார்கள். பெயர் மாறினாலும் சுற்று ஓடும், தவறு வெளியே வராது. மோனோஸ்டேபிளில் அப்படியில்லை. பட்டன் இரண்டாம் காலுக்கும் கெபாசிட்டர் ஆறாம் காலுக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பட்டனைத் தொடுமுன்பே சுற்று தன்னிஷ்டப்படி இயங்கத் தொடங்கும்.

இன்னொரு பொறி, படத்தின் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்வது. பிளவு மேலே இருக்கும்படி வைத்தால் இடப்பக்கம் மேலிருந்து இரண்டாவது, ட்ரிகர். அதே ஐசியைத் தலைகீழாகத் திருப்பினால் அதே இடத்தில் வந்து நிற்பது ஆறாம் கால்! அதனால் திருப்பிய படத்துக்கும் ஓர் அட்டைத் தொகுப்பு செய்யுங்கள். கட்டம் வரையும்போது பிளவை மட்டும் மூடாதீர்கள். கால் எண்களையும் மூடுவது நல்லது, இல்லாவிட்டால் ஐசியைப் பார்க்காமல் ‘2 என்றால் ட்ரிகர்’ என்று எண்ணுக்கே பதில் சொல்லப் பழகிவிடுவோம்.

இந்த அட்டைகள் இடத்தைக் காட்டிப் பெயரைக் கேட்கின்றனவே தவிர, பெயரைச் சொல்லி இடத்தைக் கேட்பதில்லை. பிரெட்போர்டின் முன்னால் வரும் கேள்வியோ இரண்டாவது வகை. வாரம் ஒருமுறை வெறும் தாளில் ஒரு செவ்வகம் போட்டு, பிளவைக் குறித்து, எட்டுப் பெயர்களையும் எழுதிப் பாருங்கள். கை தயங்கும் காலுக்குத்தான் இன்னும் அட்டை தேவை.