மனை விற்பவரின் தன்விவரக் குறிப்பு

வீட்டு மனை விற்கும் நிறுவனங்களில் விற்பனை அலுவலராகச் சேர விரும்புவோர், தம் தன்விவரக் குறிப்பில் நான்கு செய்திகளைக் கூறுவது வழக்கம். விற்ற மனைகள் எத்தனை, இடம் காட்ட அழைத்துச் சென்றவர்கள் எத்தனை பேர், விசாரித்தவர்களுள் வாங்கியவர்கள் எத்தனை விழுக்காடு, வட்டாரச் சந்தையைப் பற்றிய அறிவு எத்தகையது என்பனவே அவை. இவற்றுள் முதல் மூன்றும் எண்கள். எதை எதனால் வகுத்தோம் என்று சொல்லாத விழுக்காடு, கணக்கு வகுப்பில் மதிப்பெண் பெறாது. நேர்முகத் தேர்விலும் நெடுநேரம் நிற்காது.

தாம்பரத்துக்கு மேற்கே ஓராண்டு மனை விற்ற என் பழைய மாணவர் ஒருவர், தம் குறிப்பைத் திருத்தித் தருமாறு கேட்டார். "24 மனைகள் விற்றேன், மாற்று விகிதம் 15 விழுக்காடு" என்று அதில் எழுதியிருந்தார். அந்த விகிதம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் தம் நாட்குறிப்பைக் கொண்டுவர, இருவரும் அமர்ந்து எண்ணினோம்.

லீட் என்று வழங்கும் விசாரிப்புகள் 640. ஒருவரே தொலைபேசியிலும் இணையத்திலும் விசாரித்திருந்தால், அவரை ஒருமுறையே கணக்கிட்டோம். அவர்களுள் இடத்தை நேரில் பார்த்தவை 160 குடும்பங்கள். இரண்டு மூன்று முறை வந்த குடும்பத்தையும் ஒன்றாகவே கொண்டோம். முன்பணம் கொடுத்தவர் 24 பேர். பத்திரப் பதிவு முடித்தவர் 18 பேர்.

அவர் சொன்ன 15 விழுக்காடு பொய்யன்று. பார்வையிட்ட 160 பேரில் முன்பணம் கொடுத்த 24 பேரின் விகிதம் அது. ஆனால் விசாரித்த 640 பேரில் பதிவு வரை வந்தவர் 18 பேரே. அந்த விகிதம் மூன்று விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. படிப்பவர் முன்னதைப் பின்னதாகக் கருதி வேலை கொடுத்துவிட்டால், மாதந்தோறும் அவருக்கு விதிக்கும் இலக்கு ஐந்து மடங்காகிவிடும். அதை எட்ட இயலாதவர் சில மாதங்களில் வேலையை இழப்பார்.

முன்பணத்தை விற்பனையென்று எழுதுவதும் தவறு. மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உடன்படிக்கை எழுதிப் பதியும் முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறுவனம் வாங்கலாகாது. ஆகவே முன்பணம் ஒரு விருப்பத்தின் அடையாளம் மட்டுமே. விற்பனை நிறைவேறியதற்குச் சான்று பதிவான பத்திரமே.

முன்பணம் கொடுத்தபின் ஆறு பேர் ஏன் விலகினர் என்று பார்த்தோம். நால்வருக்கு வங்கி கடன் மறுத்துவிட்டது. இருவர், வில்லங்கச் சான்றிதழில் தீர்க்கப்படாத பழைய அடமானம் ஒன்று இருக்கக் கண்டு பின்வாங்கினர். இதை அறிந்த அவர், எட்டு மாதத்துக்குப் பின் தம் முறையை மாற்றிக்கொண்டிருந்தார். வருவோரின் கடன் தகுதியை முன்பணம் வாங்கும் முன்னரே கேட்டார். வில்லங்கச் சான்றிதழை இடம் பார்க்கும் நாளிலேயே கையில் கொடுத்தார். முதல் எட்டு மாதத்தில் 16 முன்பணத்தில் ஐந்து முறிந்தன; பின் நான்கு மாதத்தில் எட்டில் ஒன்றே முறிந்தது. எட்டு என்பது சிறிய எண். அதைக்கொண்டு பெருமை பேசலாகாது. ஆயினும் காரணத்தோடு எழுதினால் அவ்வரி அவருடைய திறமையைக் காட்டும்.

இனி வட்டார அறிவு. "சந்தையை நன்கு அறிவேன்" என்ற தொடரை எவரும் எழுதலாம். எவராலும் சோதிக்க இயலாது. அதற்கு மாறாக, சோதிக்கக்கூடிய இரண்டு செய்திகளை எழுதச் சொன்னேன். தாம் விற்ற தெருக்களில் அரசு வழிகாட்டி மதிப்புக்கும் நடப்பு விலைக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. 2015-இல் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளைச் சூழ்ந்தபோது எத்தெருக்களில் நீர் நின்றது என்பது மற்றொன்று. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு மனை வாங்குபவர் இவற்றையே கேட்பார், தேர்வாளரும் கேட்பார்.

இறுதியில் குறிப்பின் அவ்வரி இவ்வாறு அமைந்தது: "ஓராண்டில் விசாரிப்பு 640, பார்வையிட்ட குடும்பங்கள் 160, முன்பணம் 24, பதிவு 18, அனைத்தும் தனியாகக் கையாண்டவை." குழுவாக விற்றவையாயின் தம் பங்கைத் தனியே குறித்தல் வேண்டும். வாங்கியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவர்களுக்குரியவை. அவற்றைக் குறிப்பில் சேர்க்கலாகாது. 24 என்றிருந்தது 18 ஆயிற்றே என்று மாணவர் தயங்கினார். 18-க்குப் பத்திர எண் சொல்லலாம், எஞ்சிய ஆறுக்கு என்ன சொல்வீர் என்று கேட்டேன். அவர் 18 என்றே எழுதினார்.