எத்தனை ஊர்களிலிருந்து வருகிறார்கள்? வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டு எக்செல்லில் எண்ணுவது

பள்ளியிலிருந்து மேலே அனுப்பும் விவரங்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "உங்கள் மாணவர்கள் எத்தனை குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள்?" மாணவர் எண்ணிக்கையை உடனே சொல்லிவிடலாம். ஊர்களின் எண்ணிக்கை அப்படியல்ல. ஒரே ஊர் பல முறை வரும்; சில மாணவர்களுக்கு ஊர்ப் பெயரே நிரப்பப்பட்டிருக்காது. முந்நூறு வரிசைகளில் விரல் விட்டு எண்ணினால், இரண்டு பேர் எண்ணி இரண்டு விடை வரும். இதை எக்செல்லில் ஒரே கட்டத்தில் பெறும் வழிகளையும், அந்த விடை எங்கே தவறக்கூடும் என்பதையும் பார்ப்போம்.

நாட்டரசன்கோட்டையில் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். மாணவர் பன்னிரண்டு பேர். ஊர்ப் பெயர்கள் B2 முதல் B13 வரை உள்ளன. நாட்டரசன்கோட்டை 4 முறையும், ஒக்கூர், கொல்லங்குடி, காளையார்கோவில் ஆகியவை தலா 2 முறையும் வருகின்றன. இரண்டு கட்டங்கள் வெறுமையாக உள்ளன. நமக்கு வேண்டிய விடை 4. `COUNTA` போட்டால் 10 வரும். அது நிரப்பப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே.

புதிய எக்செல்லில்

எக்செல் 2021, மைக்ரோசாப்ட் 365 ஆகியவற்றில் டைனமிக் அரே செயற்கூறுகள் உள்ளன. ஒரு கட்டத்தில் எழுதும் சூத்திரம் பல விடைகளின் பட்டியலையே தருவது இவற்றின் இயல்பு. `UNIQUE` என்பது மீண்டும் வருபவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வொரு மதிப்பையும் ஒரு முறை மட்டும் தரும்.

ஆனால் `=COUNTA(UNIQUE(B2:B13))` என்று எழுதினால் 4 வராது, 5 வரும். வெறுமையையும் ஒரு மதிப்பாக `UNIQUE` எடுத்துக்கொள்வதுதான் காரணம். எனவே முதலில் `FILTER` கொண்டு வெற்றுக் கட்டங்களை விலக்க வேண்டும். முழுச் சூத்திரம் இது:

```
=SUM(--(LEN(UNIQUE(FILTER(B2:B13,B2:B13<>"","")))>0))
```

உள்ளிருந்து வெளியே படியுங்கள். `FILTER` நிரம்பிய பத்துக் கட்டங்களைத் தேர்கிறது. `UNIQUE` அவற்றை நான்கு ஊர்களாகச் சுருக்குகிறது. `LEN` ஒவ்வொன்றிலும் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறது. இரட்டைக் கழித்தல் குறி 'ஆம்' என்பதை 1 ஆக மாற்ற, `SUM` கூட்டுகிறது.

`COUNTA` கொண்டு சுருக்கமாக முடிக்காமல் `LEN` வரை போவது ஏன்? நெடுவரிசை முழுவதும் வெறுமையாக இருந்தால் `FILTER` பிழை தரும். `COUNTA` அந்தப் பிழையையும் ஒன்று என்று எண்ணிவிடும். ஊரே நிரப்பாத வகுப்புக்கு 'ஓர் ஊர்' என்று விடை வரும். மேலே உள்ள சூத்திரம் அங்கே 0 தரும்.

பழைய எக்செல்லில்

பள்ளிக் கணினியில் எக்செல் 2010, 2016, 2019 இருந்தால், அங்கே தட்டச்சு செய்யும் இந்தச் சூத்திரம் `#NAME?` என்று காட்டும். சூத்திரத்தில் தவறில்லை, அந்தப் பதிப்புக்கு `UNIQUE` தெரியாது. அங்கே இதை எழுதலாம்:

```
=SUMPRODUCT((B2:B13<>"")/COUNTIF(B2:B13,B2:B13&""))
```

இதற்குள் இருப்பது தொடக்க வகுப்பில் நாம் நடத்தும் பின்னம்தான். `COUNTIF` ஒவ்வொரு கட்டத்துக்கும், அந்த ஊர் மொத்தம் எத்தனை முறை வருகிறது என்று சொல்கிறது. நாட்டரசன்கோட்டை நான்கு முறை வருவதால், அதன் ஒவ்வொரு கட்டமும் 1/4 பெறுகிறது. நான்கு கால்கள் சேர்ந்து ஒன்று. ஒக்கூரின் இரண்டு கட்டங்களும் அரை, அரை, சேர்ந்து ஒன்று. இப்படி ஒவ்வோர் ஊரும் சரியாக ஒன்றாகிறது, கூட்டினால் 4. வெற்றுக் கட்டத்தில் தொகுதி 0 என்பதால் அது எதையும் சேர்க்காது.

கடைசியில் உள்ள `&""` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெற்றுக் கட்டத்துக்கு `COUNTIF` 0 தரும். பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து `#DIV/0!` வரும். இந்தப் பிழையைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு. முழுவதும் இலக்கங்களாக உள்ள எழுத்துத் தொடரையும் `COUNTIF` எண்ணாகவே ஒப்பிடும். முதல் 15 இலக்கங்களுக்கு மேல் அதற்குத் தெரியாது. 16 இலக்க எமிஸ் எண்களை, உரையாகச் சேமித்து, A நெடுவரிசையில் வைத்து எண்ணினால், கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரு மாணவர்களை அது ஒருவராகக் கொள்ளும். அங்கே பக்கத்து நெடுவரிசையில் இதை எழுதிக் கீழே இழுத்து, வரும் 1-களைக் கூட்டுங்கள்:

```
=(A2<>"")*(SUMPRODUCT(--(A$2:A2=A2))=1)
```

ஒரு மதிப்பு முதன்முறை வரும் வரிசையில் மட்டும் 1 வரும். எது எண்ணப்பட்டது என்பதைக் கண்ணால் சரிபார்க்கலாம்.

சூத்திரம் சரி, விடை தவறு

இனி முக்கியமான பகுதி. யாரோ 'ஒக்கூர்' என்று தட்டிவிட்டு ஓர் இடைவெளியும் விட்டிருந்தால், இரண்டு சூத்திரங்களும் 5 என்றே சொல்லும். இடைவெளி மட்டுமே உள்ள கட்டம் வெறுமையாகத் தோன்றும். ஆனால் அதுவும் ஓர் ஊராக எண்ணப்படும். C2-இல் `=TRIM(B2)` எழுதி C13 வரை இழுத்து, சூத்திரங்களை C2:C13-க்கு மாற்றிக்கொண்டால் இரண்டும் சரியாகும்.

`TRIM` தீர்க்க முடியாதது எழுத்து வேறுபாடு. ஒருவர் 'காளையார்கோவில்' என்றும், இன்னொருவர் 'காளையார்கோயில்' என்றும் எழுதுவார். நமக்கு இரண்டும் ஒன்று, எக்செல்லுக்கு இரண்டு ஊர்கள். இதைச் சூத்திரம் கண்டுபிடிக்காது. எனவே எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். புதிய எக்செல்லில் `=SORT(UNIQUE(C2:C13))` போதும். பழையதில் Data பட்டியில் Filter வைத்து, தலைப்பின் கீழ்நோக்கு அம்பை அழுத்தினால், வெவ்வேறு பெயர்கள் அகரவரிசையில் வரும். ஒன்றுபோல் உள்ள பெயர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து நிற்கும். கண் உடனே பிடித்துவிடும். B நெடுவரிசையில் திருத்துங்கள்.

வெற்றுக் கட்டங்களை எண்ணாமல் விடுகிறோம். ஆனால் அவற்றை மறந்துவிடக் கூடாது. ஊர் எழுதப்படாத இரு பிள்ளைகளும் ஏதோ ஓர் ஊரிலிருந்துதான் வருகிறார்கள். அது இந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம், ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் இருக்கலாம். ஆகவே 4 என்பது 'குறைந்தது 4' என்றே பொருள்படும். `=COUNTBLANK(C2:C13)` தரும் எண்ணையும் பக்கத்தில் எழுதி, "ஊர்கள் 4, விவரம் இல்லாத மாணவர் 2" என்று அனுப்புங்கள். அந்த இரண்டு பூச்சியமாகும் வரை, பேருந்து வசதியோ பயணப்படியோ தேவைப்படும் ஒரு பிள்ளையின் ஊர் கணக்குக்கு வெளியே இருக்கக்கூடும்.