வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: யாரைத் தனியே வைக்க வேண்டும்?

கொரோனா காலத்தில் 'ஐசோலேஷன்', 'குவாரண்டைன்' இரண்டையுமே 'தனிமைப்படுத்தல்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒன்றல்ல. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசோலேஷன். நோயாளியோடு பழகிய, இப்போதைக்கு நன்றாக இருப்பவரைச் சில நாள் ஒதுக்கி வைத்துப் பார்ப்பது குவாரண்டைன்.

காசநோய்க்கு குவாரண்டைன் உதவாது. கொரோனாவில் 14 நாளில் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். காசநோய்க் கிருமியோ உடலுக்குள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உறங்கும். அத்தனை காலம் யாரை அடைத்து வைப்பது? அப்படி உறங்கும் நிலையில் அது பிறருக்குத் தொற்றவும் செய்யாது.

சரி, நோயாளியையாவது தனியே வைக்கணும்ல? இதற்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டு மையத்தில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். பிறகு குடும்பத்தினரை 5 ஆண்டுகள் கண்காணித்தார்கள். வீட்டில் சிகிச்சை நடந்த குடும்பங்களில் கூடுதலாக நோய் வரவில்லை. காரணம், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு இருமிய வாரங்களிலேயே பெரும்பாலான பரவல் நடந்து முடிந்திருந்தது. சரியான மருந்து தொடங்கினால் தொற்றும் தன்மை வேகமாகக் குறையும். அதனால் ஐசோலேஷன் என்பது முதல் சில வாரங்கள் மாஸ்க், ஜன்னல் திறந்த அறையில் தனிப்படுக்கை, அவ்வளவுதான். தட்டு, டம்ளரை ஒதுக்கி வைப்பதெல்லாம் வீண். இது காற்றில் பரவும் நோய்.

ஏற்கெனவே பரவியதைப் பிடிப்பது தொடர்பறிதல். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சளியில் கிருமி. கூட அம்மா, பாட்டி, 3 வயதுக் குழந்தை. சுகாதாரப் பணியாளர் இருமல், காய்ச்சல், எடை குறைவு பற்றி எல்லாரிடமும் கேட்பார். பாட்டிக்கு இருமல் இருந்தால் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. நோய் இருந்தால் முழுச் சிகிச்சை. நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து: ஐசோனியாசிட் தினமும் 6 மாதம். குழந்தைக்கு எடை பார்த்து அளவு. 5 வயதுக்குக் கீழே தொற்று சீக்கிரம் நோயாகும், மூளைக்காய்ச்சல் வரை போகும் என்பதால் அங்கே தாமதம் கூடாது.

நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் இந்த மாத்திரையைத் தரக் கூடாது. நோய் உள்ளவருக்கு இந்த ஒற்றை மருந்து மட்டும் போனால், அதற்கு அடங்காத கிருமிகளே மிஞ்சிப் பெருகும். அப்பாவின் கிருமியே ஐசோனியாசிட்டுக்கு அடங்காதது என்றால் வீட்டாருக்கும் அது பலன் தராது. ஆகவே அவருடைய மருந்து எதிர்ப்புப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

நடைமுறையில் சறுக்குவது வேறு இடத்தில். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு மாத்திரை?" என்று அம்மா இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார். மாத்திரை சாப்பிடும்போது வாந்தி, கண் மஞ்சளானால் மட்டும் உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்கணும். இன்னொன்று, முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்பது அன்றைய நிலவரம்தான். தொற்றியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம். அதற்குள் யாருக்காவது இரண்டு வாரம் இருமல் நீடித்தால், திரும்பவும் சளியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.