முகநூலில் ஒரு பூட்டு இல்லை, வரிக்கு வரி ஒரு பூட்டு

சுன்னாகத்தில் இருக்கும் என் பெறாமகளுக்குப் போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவர் அவளுடைய பிறந்த திகதி, வேலை செய்யும் இடம், சொந்த ஊர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். பிறகு கைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டார். நல்லவேளை, அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

"சித்தப்பா, நான் முகநூலை நண்பர்களுக்கு மட்டும் எண்டுதானே வைச்சிருக்கிறன்" என்றாள்.

அவள் மாற்றியது பதிவுகளுக்கான அமைப்பை மட்டும்தான். சுயவிபரப் பகுதியை அது தொடுவதில்லை. அங்கே ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே யார் பார்க்கலாம் என்ற தெரிவு உண்டு. வரியைத் திருத்தத் திறந்தால் ஒரு சிறு குறி தெரியும். பூகோளம் என்றால் எல்லோரும் பார்க்கலாம், இரண்டு ஆட்கள் என்றால் நண்பர்கள், பூட்டு என்றால் நீங்கள் மட்டும்.

வேலையிடமும் சொந்த ஊரும் பூகோளத்தில் இருந்தன. பழைய வேலையிடம் இன்னொரு வரி என்பதால் அதையும் தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

பிறந்த திகதிக்கு இரண்டு தெரிவுகள் உண்டு. நாளும் மாதமும் ஒன்று, ஆண்டு இன்னொன்று. அவளுக்கு இரண்டுமே பூகோளத்தில்தான் இருந்தன. நம் நாட்டில் இது வாழ்த்துப் பெறுவதோடு நின்றுவிடும் விடயமல்ல. தேசிய அடையாள அட்டை இலக்கம் பிறந்த திகதியிலிருந்துதான் தொடங்குகிறது. உதாரணத்துக்கு, 1990 மார்ச் 14 இல் பிறந்த ஒரு பெண்ணை எடுப்போம். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கிடுவதால் அது ஆண்டின் 74 ஆவது நாள். பெண்களுக்கு 500 கூட்டப்படும். ஆகவே பழைய இலக்கம் 90574 என்று தொடங்கும், 12 இலக்கப் புதிய எண் 1990574 என்று தொடங்கும். ஆண்டை மறைத்தால் இந்தக் கணக்குப் போட முடியாது. முகநூலில் பிறந்த திகதியை அழிக்க முடியாது, மறைக்க மட்டுமே முடியும். எனவே ஆண்டுக்குப் பூட்டைப் போட்டோம்.

அவள் முன்பே பூட்டியிருந்த ஒரே வரி உறவுநிலை. ஆனால் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவரின் பக்கத்தில் அவள் பெயருடன் அது எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய பக்கத்தில் இருக்கும் வரிக்கு அவருடைய தெரிவுதான் செல்லும். அவரிடம் சொல்லித்தான் மாற்றினோம்.

கடைசியாக, சுயவிபரப் பக்கத்தின் மூன்று புள்ளிகளை அழுத்தி View As என்பதைத் திறந்தோம். அறிமுகமில்லாத ஒருவருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்பதை அது காட்டும். நண்பர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அது காட்டாது. அவளுடைய நண்பர் பட்டியலில் நேரில் தெரியாதவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு ஆட்கள் குறி ஒரு தடையே அல்ல. அதனால் வேலையிடத்துக்கும் பூட்டையே போட்டாள்.

அழைத்தவர் விபரங்களை எங்கிருந்து எடுத்தார் என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. ஆனால் அவர் சொன்ன மூன்றும் அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எவரும் பார்க்கும்படிதான் இருந்தன.