லைசன் எடுக்கப் போகும் காலையில்

கார் லைசன் இல்லாதவர்தான் லைசன் தேர்வுக்குப் போகிறார். ஆனால் தேர்வுத் திடலோ கார் இல்லாமல் எளிதில் போய்ச் சேர முடியாத இடத்தில் இருக்கிறது. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க, பார்க்கிங் போட, மூன்று திருப்பத்தில் திரும்ப எனத் தனித்தனி வழித்தடம் போட நிறைய நிலம் தேவை. அவ்வளவு நிலம் நகரத்துக்குள் எளிதில் கிடைப்பதில்லை.

ஜோர்ஜ் டவுனிலிருந்து சிம்பாங் அம்பாட்டுக்குத் தேர்வுக்காகப் போகிற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பேரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே ரயில் நிலையம். பாடாங் ரெங்காஸ் பக்கம் போகும் கொமுட்டரில் புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்த்தாஜாம் தாண்டியதும் சிம்பாங் அம்பாட். ரயில் அடிக்கடி வராது. ஆகவே திடலில் பதியும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்த ரயில், எந்தப் பேரி என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். முதல் ரயிலும் பதிவு நேரத்துக்கு எட்டாது என்றால், ஓட்டுநர் பள்ளியின் வேனில் இடம் கேட்பதே வழி.

நிலையத்தில் இறங்கிய பிறகுதான் சிக்கல். முகவரியில் சிம்பாங் அம்பாட் என்றிருப்பதை வைத்துத் திடல் பக்கத்தில்தான் என்று நம்பக்கூடாது. பிளஸ் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பத்து காவான் முகவரிகள் பலவும் சிம்பாங் அம்பாட் என்றே முடிகின்றன. கிராப் பிடித்தாலும் வரைபடத்தின் குறி திடலின் நடுவில் விழுந்திருந்தால், வண்டி வேலிக்குப் பின்புறச் சாலையில் கொண்டுபோய் விடும். இதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கூகுள் வரைபடம் காட்டும் வழியின் கடைசித் துண்டு புள்ளிக்கோடாக இருந்தால், குறி சாலையில் இல்லை என்று அர்த்தம். செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பார்த்தால் திடலின் தார்ப்பாதை பொதுச் சாலையைத் தொடும் இடம் தெரியும். வாசல் அங்கேதான் இருக்கும். அப்படி இரண்டு இடம் தெரிந்தால் எது வாசல் என்று கேட்டே ஆக வேண்டும்.

பயிற்றுநரிடம் "அண்ணே, எங்க வரணும்?" என்றால் "கேட்டுக்கு வந்துடு" என்பார். "ஜேபிஜே பதிவுக்கு எந்தக் கேட், சாலைக்கு எந்தப் பக்கம்? லொகேஷன் அனுப்புங்க" என்று கேளுங்கள். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் பக்கம் மாறினால், யூ திருப்பம் தேடியே நேரம் போய்விடும்.

பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால், ஓட்டத் தெரிந்தும் அன்று தேர்வு கிடையாது. பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வுத் தேதியை அனுப்பும் அதே செய்தியில் வாசலின் லொகேஷனையும், ரயில் நிலையத்துக்கு வேன் வரும் நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.