மண்டபத்தை இரண்டாக்கும் சுவர்

சமுதாயக் கூடம் கட்டத் திட்டமிடும்போது பெரும்பாலும் எழுகிற யோசனை இது. பெரிய கல்யாணத்துக்கு முழு மண்டபமும் வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கோ சங்கக் கூட்டத்துக்கோ பாதி போதும். நடுவில் ஒரு நகரும் தடுப்பு போட்டுவிட்டால் ஒரே நாளில் இரண்டு வாடகை. கணக்கு சரிதான். ஆனால் ஒரு பக்கம் கெட்டிமேளம் முழங்கும்போது மறு பக்கம் செயலாளர் ஆண்டறிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டு நிற்க நேர்ந்தால், இத்தனை செலவு செய்தும் சத்தம் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி வரும். பெரும்பாலும் குற்றம் தடுப்பில் இருக்காது. அதைச் சுற்றி விடப்பட்ட வழிகளில் இருக்கும்.

30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், தளம் வரை 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் உயரத்தில் ஃபால்ஸ் சீலிங். நீளத்தின் நடுவே தடுப்பு. அதன் பரப்பு 15 × 4, அதாவது 60 சதுர மீட்டர். நல்ல தடுப்பு என்பது சுமார் 10 செ.மீ. தடிமனுள்ள பேனல்களின் வரிசை. அவை மேலே உள்ள ட்ராக்கில் தொங்கும். இழுத்து வந்து ஒன்றோடொன்று சேர்த்து, கைப்பிடியைத் திருகினால் ஒவ்வொரு பேனலின் மேலும் கீழும் ரப்பர் சீல் வெளியே வந்து கூரையையும் தரையையும் அழுத்திப் பிடிக்கும். இப்படிப்பட்ட பேனல் ஆய்வுக்கூடத்தில் 50 டெசிபல் வரை சத்தத்தைக் குறைப்பதாகச் சான்றிதழ் காட்டும்.

அந்த 50 கட்டடத்தில் கிடைக்காது. எல்லாம் சரியாக அமைந்தாலும் ஐந்து முதல் பத்து டெசிபல் குறையும். சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும்? கீழே ஒரே ஒரு செ.மீ. இடைவெளி 15 மீட்டர் நீளத்துக்கும் விடப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அது தடுப்பின் மொத்தப் பரப்பில் கால் சதவீதம்தான். ஆனால் அந்தச் சந்து வழியே போகும் ஒலியே போதும், தடுப்பு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் குறைப்பு 26 டெசிபலைத் தாண்டாது. சத்தமும் தண்ணீர் மாதிரிதான். சந்து கிடைத்தால் சுவரைப் பற்றிக் கவலைப்படாது.

தரையில் இந்தச் சந்து எப்படி உண்டாகிறது என்று கல்யாண மண்டபத்தில் நின்று பார்த்தால் தெரியும். தடுப்பு நிற்கும் கோட்டில் கிரானைட் பலகைகள் ஏற்ற இறக்கமாகப் பதிந்திருக்கும். சீலுக்கு அடியில் அட்சதை அரிசியும் உதிரிப் பூவும் கிடக்கும். மேடைக்கு விரித்த கார்ப்பெட் தடுப்புக்கு அடியில் நீண்டிருக்கும். மைக் செட்காரர் மறுபக்கத்து பிளக்கிலிருந்து வயரை அடியிலேயே இழுத்து வந்திருப்பார். அந்தக் கோட்டில் தரையை மட்டம் பார்த்துப் போடுவதும், இரண்டு பாதியிலும் போதுமான பிளக் வைப்பதும், மூடுமுன் ஒருமுறை பெருக்குவதும் பேனலுக்குச் செலவழித்த பணத்தைக் காப்பாற்றும்.

மேலே இருக்கும் வழி இன்னும் பெரியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபால்ஸ் சீலிங்குக்கும் கான்கிரீட் தளத்துக்கும் இடையே நம் கூடத்தில் ஒரு மீட்டர் வெற்றிடம் இருக்கிறது. தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு முடிந்துவிட்டால், ஒலி ஒரு பாதியில் சீலிங் வழியாக ஏறி மறுபாதியில் இறங்கிவிடும். ஆகவே ட்ராக்குக்கு நேர் மேலே தளம் வரை நிலையான சுவர் எழுப்ப வேண்டும்: செங்கல்லோ, இருபுறமும் இரட்டை ஜிப்சம் பலகை அடித்து நடுவில் ராக் ஊல் நிரப்பியதோ. இரண்டு பாதிக்கும் ஒரே ஏசி டக்ட் ஓடினால் அந்தச் சுவரும் வீண். பாதிக்கு ஒரு ஏசி என்று தனித்தனியாகப் போடுவதே நல்லது.

இவையெல்லாம் தொங்குவது பீமில். பேனல் சதுர மீட்டருக்கு 45 கிலோ என்றால் மொத்தம் 2,700 கிலோ. விரித்திருக்கும்போது எடை பீம் முழுவதும் பரவும். மடித்து ஓரத்தில் அடுக்கும்போது ஒரே முனைக்குப் போகும். பீம் நடுவில் ஒரு செ.மீ.க்கு மேல் தொய்ந்தால் பேனல்கள் தரையில் உரசும், அல்லது சீல் சரியாக அழுத்தாது. அதனால் கட்டடம் முடிந்த பிறகு 'ஒரு தடுப்பும் போட்டுவிடலாம்' என்பது நடக்காத காரியம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பீமைக் கணக்கிடும் நாளிலேயே தடுப்பின் எடை அவர் கையில் இருக்க வேண்டும். அடுக்கி வைக்கும் அறைக்கும் அப்போதே இடம் ஒதுக்க வேண்டும். நம் கூடத்துக்குப் பதின்மூன்று பேனல்கள் வரை ஆகும். அவை நிற்க ஒன்றரை மீட்டர் சதுரம் போதும்.

சத்தத்தைத் தடுப்பது ஒன்று, உள்ளேயே எதிரொலியை அடக்குவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சத்தம் பக்கத்துக்குப் போகாமலிருக்கத் திரைச்சீலை மாட்டுவார்கள், சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டுவார்கள். அவை எதிரொலியை ஓரளவு குடிக்கும். பக்கத்துக்குப் போகும் ஒலியை நிறுத்தாது. எதிரொலிக்குத் தனிக் கணக்கு உண்டு. 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சேபின் வகுத்தது. கிரானைட் தரை, பூசிய சுவர், வழவழப்பான சீலிங் கொண்ட நம் கூடம் காலியாக இருக்கும்போது ஒலி அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆகும். 200 பேர் உட்கார்ந்தாலும் இரண்டு வினாடியைத் தாண்டும். பேச்சில் ஒரு சொல் அடுத்த சொல்லின் மேல் ஏறும். சீலிங்கில் 300 சதுர மீட்டருக்குத் துளையிட்ட பலகை போட்டு, அதன் பின்னே ராக் ஊல் வைத்தால் ஒரு வினாடிக்கு வந்துவிடும். ஒலிபெருக்கியைக் கூட்டத் தேவையிருக்காது. அதனால் பக்கத்துக்குப் போகும் சத்தமும் குறையும்.

இத்தனையும் செய்தால் கட்டடத்தில் 42 டெசிபல் குறைப்பு கிடைக்கிறது என்று வைப்போம். இரண்டு கூட்டங்களுக்கு அது தாராளம். ஆனால் நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கியோடு 100 டெசிபலை எட்டினால் மறுபக்கம் 58 கேட்கும். அது இயல்பாகப் பேசும் குரலுக்குச் சமம். தவிலின் அடிநாதமும் டிஜே ஸ்பீக்கரின் பாஸும் இன்னும் எளிதாகக் கடக்கும், ஏனென்றால் தாழ்ந்த ஒலியை இந்தத் தடுப்புகள் குறைவாகவே தடுக்கும். ஆகவே முகூர்த்தத்தையும் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் தடுப்பின் இரு பக்கமும் வைக்கக் கூடாது. ஒரு பாதியில் கல்யாணம், மறுபாதியில் அதே வீட்டாரின் பந்தி என்பதே இந்தத் தடுப்புக்குப் பொருத்தமான பயன். கூட்டத்துக்கு முகூர்த்த நேரம் கழிந்த பிறகு இடம் கொடுக்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மூடியபின் ஒவ்வொரு பாதிக்கும் தெருவுக்குப் போகத் தனி வாசல்கள் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மக்கள் தடுப்பைத் திறந்துகொண்டிருக்க முடியாது.

வேலை முடிந்ததும் இரவில் விளக்கணைத்து, ஒரு பாதியில் மட்டும் ஃபோகஸ் லைட் போட்டு மறுபாதியில் நின்று பாருங்கள். எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே ஒலியும் வரும். பிறகு ஒரு பக்கம் சீரான இரைச்சலை ஒலிக்கவிட்டு, இரு பக்கமும் டெசிபல் மீட்டரால் அளக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'பேனல் 50 டெசிபல்' என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் சான்றிதழைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். 'கட்டிய இடத்தில் அளந்த வித்தியாசம் 40-க்குக் குறையக் கூடாது. கடைசித் தவணை அதன் பிறகே' என்று எழுதினால், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுவர் எழுந்ததா என்று அவரே ஏறிப் பார்ப்பார்.